மினுக்கிய மஞ்சள் விளக்கு

சனிக்கிழமை சாயங்காலம் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது, சாத்தூர் தாண்டி ஒரு மேம்பாலத்தில் ஏறுகையில் வண்டி குலுங்கியது. மாரிசெல்வி மீட்டரைப் பார்த்தாள். என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மினுக்கியது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பாலம் இறங்கியதும் மினுக்குவது நின்றது. ஆனால் விளக்கு அணையவில்லை, எரிந்தபடியே இருந்தது.

மாரிசெல்விக்கு முப்பத்தைந்து வயது. பத்து வருடம் பட்டாசுக் கம்பெனியில் திரி பின்னியவள். லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடமாக வேன் ஓட்டுகிறாள். வேன் அவளுடையதல்ல. சாத்தூர் தங்கப்பாண்டியனுடையது. நிலபுலன் உள்ள குடும்பம் அவருக்கு. அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டும் அவரிடம்தான் இருந்தது. மாரிசெல்வியின் ஊரான மல்லாங்கிணற்றிலும் சுற்று ஊர்களிலும் பெண்களை ஏற்றிக்கொண்டு காலையில் போக வேண்டும், சாயங்காலம் திரும்ப வேண்டும். எட்டுப் பேர் உட்காரும் பெட்ரோல் வேனில் பதினான்கு பேர் போனார்கள்.

அதே விளக்கு இரண்டு மாதத்துக்கு முன்பும் எரிந்திருக்கிறது. அப்போது பயந்துபோய் விருதுநகரில் சோலைமலையின் பட்டறைக்கு ஓட்டிப் போனாள். அவர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரின் ஒயரை எலி கடித்திருக்கிறது என்றார். அன்று அது மினுக்கவில்லை. அசையாமல் எரிந்தது. நாலு நாள் கழித்துச் சாவகாசமாகத்தான் சரிசெய்தார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தத் தடவை பெண்களை இறக்கிவிட்டு, மெதுவாக உருட்டிக்கொண்டே பட்டறைக்கு வந்தாள். சோலைமலை கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"எரிஞ்சுச்சா, மினுக்குச்சா?"

"ஏத்தத்துல மினுக்குச்சுண்ணே. இறங்குனதும் சும்மா எரிஞ்சுச்சு."

அவர் முகம் மாறியது. ஸ்கேனரைச் செருகினார். பிறகு என்ஜினைக் காட்டினார்.

"மிஸ் அடிக்குதுத்தா. ரெண்டாவது சிலிண்டர். பெட்ரோல் உள்ள வருது, பத்தவைக்கத் தீப்பொறி சரியா விளல. பொறி குடுக்குற காயில் விரிஞ்சு கெடக்கு பாரு. பத்தாத பெட்ரோல் எங்க போகும்?"

"சைலன்சர் வழியா வெளிய போயிரும்."

"வெளிய போறதுக்கு முன்னாடி கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா இருக்குல்ல. உள்ள தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன ஓட்டை. புகையில இருக்குற விசத்த முறிக்கிறது அதுதான். அது ஏற்கெனவே கொதிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். அதுக்குள்ள இந்தப் பச்சப் பெட்ரோல் போயி எரியும். என்ஜினுக்குள்ள எரிய வேண்டியது டப்பாக்குள்ள எரியும். டப்பா செவசெவன்னு ஆயிரும். இன்னும் ஓட்டுனா கூடு உருகி அடைச்சுக்கிடும்."

"அதுக்குத்தான் மினுக்குதா?"

"ஆமா. சும்மா எரிஞ்சா, எதோ கோளாறு, ரெண்டு நாள்ல வந்து பாருன்னு சொல்லுது. மினுக்குனா, இந்த நிமிசம் கன்வெர்ட்டர் கெட்டுக்கிட்டு இருக்கு, வெரட்டாத, ஓரங்கட்டி நிறுத்துன்னு சொல்லுது. ஏத்தத்துல, பாரம் இழுக்கையில மிஸ் அதிகமாகும். அப்ப மினுக்கும். சும்மா நின்னா கொறஞ்சு, வெறுமனே எரியும். அதப் பாத்துட்டுச் சரியாப்போச்சுன்னு நெனச்சுரக் கூடாது."

காயிலும் நாலு பிளக்கும் மாற்ற வேண்டும், அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று சொன்னார். மாரிசெல்வி தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டாள்.

"அங்கன ஒண்ணும் பாக்க வேண்டாம்" என்றார் அவர். "இங்கன நம்ம ஆளு இருக்கான். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான, ஆள் அனுப்புறேன். சாவியக் குடுத்துரு."

ஞாயிறு இரவு வேன் மல்லாங்கிணற்றுக்குத் திரும்பி வந்தது. கூடவே தங்கப்பாண்டியனின் போனும் வந்தது. "காயில், பிளக்கு எல்லாம் புதுசு போட்டாச்சு. இனிமே அந்த லைட்டப் பத்தி எங்கிட்டப் பேசாத."

திங்கட்கிழமை காலை வண்டியைக் கிளப்பியபோது விளக்கு எரியவில்லை. மாரிசெல்விக்கு நிம்மதியாக இருந்தது. நாற்கர சாலையில் அளவான வேகத்தில் போனாள். ஆனால் ஸ்டார்ட் செய்ததிலிருந்தே ஒரு மெல்லிய நடுக்கம் ஸ்டியரிங்கில் தெரிந்துகொண்டே இருந்தது. புதுக் காயில் பழகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

சாத்தூர் தாண்டி அச்சங்குளம் பாதையில் திரும்பியதும் விளக்கு மறுபடியும் மினுக்கியது. கூடவே வண்டிக்குள் ஒரு வாடை ஏறியது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அய்யம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அய்யம்மாளுக்கு ஐம்பது வயது. வெடிமருந்து கலக்கும் அறையில் நாள் முழுக்க நிற்பவள்.

"என்னடி இது, குடலப் புடுங்குது."

"கந்தகமாக்கா?" என்று பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"கந்தகம் எனக்குத் தெரியாதா? இது அளுகுன முட்ட."

மாரிசெல்வி காலை எடுத்தாள். புல் இல்லாத வெறும் சரளைத் தரையாகப் பார்த்து ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தாள். எல்லாரும் இறங்கினார்கள். கீழே குனிந்து பார்த்தாள். வண்டியின் அடியிலிருந்து முகத்தில் அனல் அடித்தது. கன்வெர்ட்டர் இருந்த இடத்தில் பகல் வெளிச்சத்திலும் ஒரு மங்கிய சிவப்பு தெரிந்தது. காய்ந்த மண்ணும் இரும்பும் அழுகின முட்டையும் கலந்து நாறியது. எழுந்து நின்று எச்சில் துப்பினாள்.

கம்பெனி இன்னும் ஒன்றரை கிலோமீட்டர். தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டாள். கால் மணி நேரத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வாய் நிறைய வெற்றிலை.

"என்னத்துக்கு நடுக்காட்டுல நிறுத்திருக்க?"

"மினுக்குது அண்ணாச்சி. அடியில செவந்து கெடக்கு, பாருங்க."

அவர் குனிந்து பார்க்கவில்லை. டிரைவர் சீட்டில் ஏறி வண்டியைக் கிளப்பினார். விளக்கு எரிந்தது, மினுக்கவில்லை.

"எங்க மினுக்குது? சும்மாதான எரியுது. போன தடவ எலி கடிச்சப்பவும் இப்படித்தான எரிஞ்சுச்சு. அப்ப நாலு நாளு ஓட்டுனல்ல?"

"நிக்கையில மினுக்காது அண்ணாச்சி. பாரம் இழுக்கையிலதான் மினுக்கும். அன்னிக்கு எரிஞ்சது வேற, இது வேற. காயில் மாத்துனதாச் சொன்னீகளே, மாத்துனா எப்படித் திரும்ப மிஸ் அடிக்கும்?"

"மாத்துனேன், மாத்தல. உனக்கு எதுக்கு அந்தக் கணக்கு?" வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியாகத் துப்பினார். சரளையில் மாரிசெல்வியின் செருப்புக்குப் பக்கத்தில் அது விழுந்தது. "நம்ம ஆளு லைட்டு எரியுதுன்னான், அழிக்கச் சொன்னேன். ஒரு பித்தானை அமுக்குனான், போயிருச்சு. அம்புட்டுத்தான் வேல."

மாரிசெல்வி அவரையே பார்த்தாள். பதினான்கு பேரை ஏற்றி அனுப்பும் வண்டியில் எதையுமே மாற்றாமல், எச்சரிக்கையை மட்டும் அழித்து அனுப்பியிருக்கிறார். அதைச் சொல்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை.

கண்ணாடியின் ஓரத்தில் பெண்களில் யாரோ ஒட்டிவைத்திருந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று இருந்தது. தங்கப்பாண்டியன் அதை நகத்தால் பிய்த்து மீட்டர் கண்ணாடியில், விளக்கின் மேல் ஒட்டினார். கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார்.

"இப்ப எரியுதா?" என்று சிரித்தார். பல் முழுக்கச் சிவப்பாக இருந்தது. "ஏறுங்க எல்லாரும். கேட்டு மூடப் போறாக."

அது தன் பொட்டுதான் என்று அய்யம்மாள் சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"நான் நடந்துக்கிடுறேன்."

"சரக்கு போற சீசன். நேரங்கழிச்சுப் போனா மேனேஜர் திருப்பி அனுப்பிருவாரு. நான் சொல்லிட்டேன்."

"அனுப்புனா அனுப்பட்டும். பொறி பறக்கும்னு மருந்துக் கூடத்துக்குள்ள இரும்புக் கொலுசு போட்டா விட மாட்டாக. நீரு கொதிக்கிற டப்பாவைக் கொண்டுபோயி அங்கன நிறுத்தணும்ங்கீரு."

அவள் நடந்தாள். மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகச் சாலையை விட்டு இறங்கி, ஒற்றையடிப் பாதையில் நடந்தார்கள். மாரிசெல்வி சாவியைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை.

"நீயும் நட. வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கெல்லாம் வண்டியக் குடுத்தேன் பாரு."

மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, வேனை இரண்டாவது கியரிலேயே முறுக்கிக்கொண்டு போனார். பின்னால் சட்டிபானை உருட்டுகிற மாதிரி சத்தம் கேட்டது. பெண்களின் சோற்றுத் தூக்குகள் எல்லாம் உள்ளேயே இருந்தன.

கம்பெனிக்குள் எந்த வண்டியும் போகக் கூடாது. வாசலுக்கு எதிரே சிமென்ட் போட்ட தளம் இருக்கிறது, ஆட்களை இறக்கும் வண்டிகள் அங்கேதான் நிற்க வேண்டும். ஆனால் வேன் இழுக்க முடியாமல் திக்கித் திணறி, நாற்றத்தோடு வந்து சேர்ந்தபோது தளத்தில் மேனேஜர் நின்றிருந்தார். அவர் கண்ணில் படக் கூடாது என்று தங்கப்பாண்டியன் பக்கத்து வேலியோரமாகத் திருப்பி, கருவேல மர நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். முழங்கால் உயரத்துக்குப் புல் காய்ந்து நின்ற இடம் அது. பிறகு ஒன்றும் தெரியாதவரைப் போல வாசலுக்கு நடந்து போனார்.

பெண்கள் கடைசி வரப்பைத் தாண்டும்போதே புகை தெரிந்தது. வெள்ளைப் புகை, வேலிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாக. வேலிக்கு அந்தப் பக்கம் நாற்பது அடியில் புஸ்வாணம் காயப்போட்டிருந்த தளம்.

யாரும் கத்தவில்லை. அய்யம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். மாரிசெல்வி அவளை முந்தினாள். வாட்ச்மேன் கருத்தப்பாண்டி வாசலில் தொங்கிய மணல் வாளிகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார். உள்ளே மணியடித்தார்கள். அறை அறையாக ஆட்கள் மறுபக்கத்துப் பொட்டலை நோக்கி ஓடினார்கள். இரண்டு பேர் தளத்திலிருந்த புஸ்வாணத் தட்டுகளைத் தூக்கப் போக, ஃபோர்மேன் அவர்களை அடிக்காத குறையாக விரட்டினார்.

தீ வேனுக்கடியில் தொடங்கி ஒரு கையகலம், பிறகு ஒரு பாயகலம் விரிந்திருந்தது. மணலைக் கொட்டினார்கள். தொட்டியில் நனைத்த சாக்குகளால் அடித்தார்கள். நெருப்பு வேலியை நோக்கி ஒரு நாக்கை நீட்டியது. மாரிசெல்வி சாக்கோடு அதன் மேலேயே விழுந்த மாதிரி அடித்தாள். முழங்கையில் தோல் வழன்றது. பத்து நிமிடத்தில் அடங்கியது. கரிந்த புல், ஈரச் சாக்கு, உருகிய ரப்பர், அதே முட்டை நாற்றம். வேலிக் கம்பிக்கு ஒரு முழம் பாக்கி இருந்தது.

அய்யம்மாள் கரிக்குள் உட்கார்ந்துவிட்டாள். அவள் தங்கை வேறொரு கம்பெனி வெடிவிபத்தில் போனவள். மாரிசெல்வி மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். காலையில் குடித்த காப்பி மட்டும்தான் வந்தது. தலையை நிமிர்த்தியபோது தங்கப்பாண்டியன் மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"பொம்பள டிரைவர வச்சது என் தப்பு சார். வண்டியில கோளாறுன்னு எங்கிட்டச் சொல்லவே இல்ல. கொண்டுவந்து புல்லுல நிறுத்திட்டா."

மாரிசெல்வி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணாச்சி, நான் நடந்து வந்தேன்."

"ஏய், பேசாத."

"பதினாலு பேரும் நடந்து வந்தோம். வாட்ச்மேனண்ணன் பாத்தாரு."

கருத்தப்பாண்டி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். தங்கப்பாண்டியனின் சொந்தக்காரர் சிபாரிசில் வேலைக்கு வந்தவர் அவர். 

"வேன அண்ணாச்சிதான் ஓட்டிட்டு வந்தாக" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

மேனேஜர் சீனிவாசகம் நிதானமானவர். வேனைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சாலையில் நிறுத்தச் சொன்னார். மாரிசெல்வி கொடுத்த நம்பருக்குப் போன் செய்து சோலைமலையை வரச்சொன்னார். ஒன்றரை மணி நேரத்தில் அவர் வந்தார். ஸ்கேனரை மாட்டி, திரையை மேனேஜர் பக்கம் திருப்பினார்.

"ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். சனிக்கிழம நான் பாத்தப்பவும் இதேதான். இங்க பாருங்க சார், கோளாறு நம்பர அழிச்சதுக்கப்புறம் வண்டி ஓடுன தூரம். நூத்திப் பதினொரு கிலோமீட்டர். சாத்தூர்ல இருந்து மல்லாங்கிணறு, மல்லாங்கிணத்துல இருந்து இங்க. ஞாயித்துக்கிழம யாரோ அழிச்சிருக்காக. ரிப்பேர் பண்ணி அழிக்கல. வெறுமனே அழிச்சிருக்காக."

காயிலைக் கழற்றிக் கையில் கொடுத்தார். சனிக்கிழமை மாரிசெல்வி பார்த்த அதே விரிசல். பிறகு வண்டிக்கடியில் படுத்து, சூடு ஆறியிருந்த கன்வெர்ட்டரைக் கழற்றி வெளியே இழுத்தார். குலுக்கினார். கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. கவிழ்த்ததும் சாம்பல் நிறத்தில் துண்டு துண்டாகக் கொட்டியது. ஓட்டைகள் எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, பாகு இறுகிய மாதிரி ஒரு கட்டி உள்ளேயே சிக்கிக்கொண்டிருந்தது.

"இதான் சார் அந்த மினுக்கு."

தங்கப்பாண்டியன் கைக்குட்டையால் சட்டையில் ஒட்டியிருந்த கரியைத் தட்டினார்.

மேனேஜர் அவருடைய வண்டி இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார். மாரிசெல்விக்கு அதைக் கேட்க ஆறுதலாக இருந்தது. ஆனால் அடுத்ததாகப் பெண்களை எல்லாம் வாசல் தளத்தில் நிற்க வைத்து அவர் சொன்னது வேறு.

"நடந்தது நடந்துபோச்சு. ஆருக்கும் ஒண்ணும் ஆகல. இது வெளிய போச்சுன்னா இன்ஸ்பெக்சன் வரும், கம்பெனியப் பூட்டுவாக. அப்புறம் உங்க எல்லாருக்கும்தான் கஷ்டம். புல்லு பத்துச்சு, அணைச்சோம். அவ்வளவுதான். புரியுதுல்ல?"

வேலியோரத்துப் புல்லை ஏன் இத்தனை நாள் வெட்டவில்லை என்று அய்யம்மாள் கேட்டாள்.  மறுநாள் நான்கு பேரை விட்டு வெட்டினார்கள். கரிந்த இடத்தின் மேல் செம்மண்ணைக் கொட்டி நிரவினார்கள். அடுத்த வாரம் பார்த்தவர்களுக்கு அங்கே ஒன்றுமே நடந்த மாதிரி தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பினாள் மாரிசெல்வி. இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தாள். தட்டில் சோற்றைப் பிசைந்தபோது விரல்களில் அந்த வாடை இருக்கிற மாதிரியே இருந்தது. சோற்றை மூடி வைத்துவிட்டு, கட்டுப்போட்ட கையோடு படுத்துவிட்டாள். தங்கப்பாண்டியன் தன்னைப் பழித்ததைக்கூட அவளால் ஒதுக்கிவிட முடிந்தது. கட்டை விரலால் பொட்டைத் தேய்த்தபடி அவர் சிரித்த சிரிப்புத்தான் கண்ணை மூடினாலும் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வாரம் தங்கப்பாண்டியன் அவள் வீட்டு வாசலுக்கே வந்தார். கையில் ஒரு பொட்டலம் காராச்சேவு. அவள் மகளுக்கு என்றார். வேறொரு கம்பெனியில் காண்டிராக்ட் கிடைத்திருக்கிறதாம், டிரைவர் வேண்டுமாம்.

"வண்டியச் சரி பண்ணியாச்சு. இப்ப பறக்குது."

"கன்வெர்ட்டர் மாத்துனீகளா?"

"அது எதுக்குத்தா வெட்டியா? உள்ள கெடந்தத எல்லாம் கம்பிய விட்டு இடிச்சு வெளிய எடுத்துட்டு, வெறுங்கூட மாட்டியாச்சு. அடைப்பே இல்ல. புகை கொஞ்சம் கண்ணு எரியும். போற போக்குல காத்துல போயிரும்."

"காயில்?"

"பழசு ஒண்ணு கெடந்துச்சு, போட்டிருக்கு. மினுக்கல."

மாரிசெல்வி பொட்டலத்தை எடுத்து அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"நீங்க கெளம்புங்க அண்ணாச்சி."

"வேல வேண்டாமா?"

"உங்ககிட்ட வேண்டாம். இனிமே இந்த வாசலுக்கு வராதீக."

அவர் போனபிறகு, அவர் கை வைத்திருந்த கதவின் மேல்கட்டையை ஈரத்துணியால் துடைத்தாள். மகள் ஏன் துடைக்கிறாய் என்று கேட்டாள். அழுக்கு என்றாள்.

பெண்கள் கொஞ்ச நாள் பஸ்ஸில் போனார்கள். பிறகு கம்பெனியே ஒரு பஸ் விட்டது, அதற்கு வேறு டிரைவர். மாரிசெல்விக்கு ஒரு அச்சாபீஸில் லோடு ஆட்டோ ஓட்டும் வேலை கிடைத்தது. பட்டாசுப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் கட்டுகளைக் கம்பெனி கம்பெனியாகக் கொண்டுபோய் இறக்க வேண்டும். எம். புதுப்பட்டிக்கும் போவாள், அச்சங்குளத்துக்கும் போவாள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில், ஒரு பெட்ரோல் பங்கில் அந்த வேனைப் பார்த்தாள். புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள், பின்பக்கத்து ஒடுக்கு மட்டும் அப்படியே இருந்தது. டிரைவர் சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். பெயர் வெள்ளைத்துரை என்றார். பஞ்சு மில்லுக்கு ஆள் ஏற்றப் போன வாரம்தான் வாங்கினாராம்.

"சாத்தூர் தங்கப்பாண்டியன்கிட்டயா?" என்று கேட்டாள்.

"ஆமா. நல்ல மனுசன். வீட்டுக்குக் கூப்புட்டு காப்பியெல்லாம் குடுத்தாக. ஏன், தெரியுமா?"

"இந்த வண்டிய ரெண்டு வருசம் ஓட்டுனேன்." மாரிசெல்வி ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்தாள். "ஒண்ணு பண்ணுங்க. ஸ்டார்ட் பண்ணாம சாவிய மட்டும் திருப்புங்க. மீட்டர்ல எல்லா லைட்டும் ஒரு தடவ வரணும். என்ஜின் படம் போட்ட மஞ்ச லைட்டும் வரணும். என்ஜின் ஓடத் தொடங்குனதும் அணைஞ்சுரும். அது வருதான்னு பாருங்க."

அவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். பேட்டரி விளக்கு வந்தது. ஆயில் விளக்கு வந்தது. பிரேக் விளக்கு வந்தது. மஞ்சள் விளக்கு இருக்க வேண்டிய இடம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அணைத்துவிட்டு மறுபடி திருப்பினார். வரவில்லை.

"வரலைன்னா?"

"மீட்டரத் திறந்து அத மட்டும் புடுங்கிருக்காக. இனி உள்ள எம்புட்டு மிஸ் அடிச்சாலும் உங்களுக்குத் தெரியாது. சைலன்சர்ல இருக்குற கன்வெர்ட்டரும் வெறுங்கூடுதான்."

வெள்ளைத்துரை கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"கோயில்ல வச்சுச் சாவி குடுத்தாருத்தா. கற்பூரம் ஏத்தி."

மாரிசெல்வி சோலைமலையின் நம்பரை ஒரு லேபிளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். இன்று மில்லுக்கு ஆள் ஏற்ற வேண்டாம், நேராக அங்கே போங்கள், மெதுவாகப் போங்கள், காய்ந்த புல்லில் எங்கேயும் நிறுத்தாதீர்கள் என்றாள். அவர் தலையாட்டினார். வண்டி பங்கை விட்டு வெளியேறி விருதுநகர்ப் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தன் ஆட்டோவில் ஏறினாள். அச்சங்குளத்தில் இறக்க வேண்டிய கட்டுகள் ஆறு பாக்கி இருந்தன.